ஒரு ரூபாயில் எத்தனை பைசா என்பதை எழுத்திலும் சொல்லுங்கள்: வட்டப்படம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பட்ஜெட் நாளன்று வட்ட விளக்கப்படம் வெளியிடும் தமிழ் நாளிதழ்கள், செய்தித் தளங்கள் ஆகியவற்றின் வரைகலைப் பிரிவினரும் அவர்களுடைய ஆசிரியர்களும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். சென்னை மேற்கு மாம்பலத்தில் வசிக்கிறேன். கண் நீர் அழுத்த நோயால் பார்வை படிப்படியாகக் குறைந்து, இப்போது முழுவதும் போய்விட்டது. செய்திகளைத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். எழுத்தாக இருப்பது எதுவும் எனக்குச் சிரமமில்லை. படமாக இருப்பதுதான் சிரமம். படங்களிலும், ஆண்டுக்கொரு முறை எல்லாத் தாள்களிலும் தவறாமல் வருகிற ஒரு படத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். மத்திய பட்ஜெட் வெளியானதும் ‘ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது’ என்று இரண்டு வட்டங்கள் போடுகிறீர்களே, அந்தப் படம்.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஓய்வூதியக்காரர்கள் பாதி, அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பாதி. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி சனிக்கிழமை பட்ஜெட் வந்ததால் மறுநாள் காலைக்கு வேறு பேச்சு இல்லை. முந்தைய இரவே குழுவில் ஒரு நாளிதழின் வட்டப்படம் பகிரப்பட்டிருந்தது. அதன்மேல் விரலை வைத்தபோது என் கைபேசி ‘படம்’ என்றது. அந்த இதழின் தளத்துக்கே போய்ப் பார்த்தேன். அங்கே கோப்பின் பெயரையும் அதன் வால் எண்ணையும் எழுத்து எழுத்தாகப் படித்தது. சரி, படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியில் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தேன். அது சொன்னதை அப்படியே தருகிறேன்: “வருமான வரி நிறுவன வரி ஜிஎஸ்டி கலால் வரி சுங்க வரி கடன் வரியல்லாத வருவாய் மூலதன வரவு 24 9 1 22 17 4 5 18”.

எட்டுப் பெயர்களும் வந்துவிட்டன, எட்டு எண்களும் வந்துவிட்டன. எந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்பது மட்டும் வரவில்லை. காரணம் எளிது. பெயர்களை வட்டத்துக்கு வலப்பக்கம் ஒரு பட்டியலாக, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வண்ணக் கட்டத்தோடு வைத்திருக்கிறீர்கள். எண்களை வட்டத்தின் துண்டுகளுக்குள் வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் இணைப்பது வண்ணம் ஒன்றுதான். எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலி எழுத்தைத்தான் எடுக்கும், வண்ணத்தின் பொருளை எடுக்காது. எட்டுப் பெயர்களை எட்டு எண்களோடு 40,320 விதமாகப் பொருத்தலாம் என்பது வங்கிக்காரன் மூளையில் உடனே ஓடிய கணக்கு. அவற்றில் ஒன்றுதான் சரி. பச்சைக்கும் சிவப்புக்கும் வேறுபாடு தெரியாத கண்ணுடையவருக்கும், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் படிக்கும் மாணவருக்கும் இதே கதிதான்.

மறுநாள் காலை பக்கத்தில் இருந்த தேர்வுக்குப் படிக்கும் தம்பியிடம், “கடன் பெரிசா, வருமான வரி பெரிசா, பார்த்துச் சொல்லுப்பா” என்றேன். “எண்ணெல்லாம் பொடிசா இருக்கு சார், பெருசாக்கினா மங்குது. படத்தைப் பார்த்தா ஆரஞ்சுதான் பெரிசு, வருமான வரி” என்றார். எதிரில் இருந்த அக்கா ஒருவர் தன் கைபேசியில் பார்த்துவிட்டு, “இல்லப்பா, ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். உண்மையில் கடன் 24 பைசா, வருமான வரி 22 பைசா. பிழை அவர்கள் கண்ணில் இல்லை. படத்தைச் சாய்ந்த தட்டுபோல, கனம் தெரியும்படி வரைந்திருந்தார்கள். அப்படி வரைந்தால் முன்பக்கம் வரும் துண்டுக்கு அதன் விளிம்பின் கனமும் சேர்ந்து பரப்புக் கூடுதலாகத் தோன்றும். பின்பக்கம் போன துண்டு சுருங்கித் தோன்றும். தட்டையாகவே வரைந்தாலும் 24க்கும் 22க்கும் கோணத்தில் உள்ள வேறுபாடு 7.2 பாகைதான். அதைக் கண்ணால் அளந்து சொல்ல யாராலும் எளிதில் முடியாது. ஆகவே நான் கேட்பது பார்வையற்றவனுக்கான சலுகை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கோரிக்கை இது. வட்டத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயரையும் விழுக்காட்டையும் அடுத்தடுத்து வைத்து, படத்துக்குக் கீழேயே எழுத்தில் கொடுங்கள். அந்தப் படத்துக்கு நான் எதிர்பார்த்திருக்கக்கூடிய உரை இவ்வளவுதான்:

“2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி மத்திய அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் கடன் மற்றும் இதர பொறுப்புகள் 24 பைசா, வருமான வரி 22 பைசா, ஜிஎஸ்டி 18 பைசா, நிறுவன வரி 17 பைசா, வரியல்லாத வருவாய் 9 பைசா, கலால் வரி 5 பைசா, சுங்க வரி 4 பைசா, கடன் சாராத மூலதன வரவு 1 பைசா. மொத்தம் 100 பைசா. மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் வரிப்பங்கும் இந்த ரூபாயில் அடங்கும்.”

இது ஐந்து வரிக்கு மேல் போகாது. ஆனால் இது கையில் இருந்திருந்தால் அன்று காலை நான் என்னென்ன கேட்டிருப்பேன் என்று பாருங்கள். வரி இனங்கள் ஐந்தையும் கூட்டினால் 66 பைசா வருகிறது. அதாவது ரூபாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரி. தனிமனிதர் கட்டும் வருமான வரி, நிறுவனங்கள் கட்டும் வரியைவிட 5 பைசா அதிகம். கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கடன். இவையெல்லாம் கண்ணுள்ளவர்கள் படத்தைப் பார்த்தபடி பேச்சுவாக்கில் எழுப்புகிற கேள்விகள். எண்கள் எழுத்தில் இருந்தால் நானும் எழுப்புவேன், மறுப்பேன், பிறர் சொல்வதைச் சரிபார்ப்பேன். இல்லாவிட்டால் ‘அப்படியா’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த உரையின் கடைசி வாக்கியத்தை யாரும் தேவையற்றது என்று வெட்டிவிடக் கூடாது என்பதற்காக அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் அன்றைய சச்சரவே அதில்தான் மூண்டது. அக்கா, “வட்டி மட்டும் ரூபாயில் இருபது பைசா, அஞ்சில் ஒரு பங்கு” என்றார். வேறொரு தாளைப் படித்து வந்த நண்பர், “என்னம்மா, செலவில் நாலில் ஒரு பங்கு வட்டிக்கே போகுதுன்னு போட்டிருக்கான்” என்றார். இருவரும் குரலை உயர்த்தினார்கள். இருவருமே சரி. அந்த ஆண்டு பட்ஜெட்டில் வட்டிச் செலவு சுமார் 12.76 லட்சம் கோடி ரூபாய். மத்திய அரசின் மொத்தச் செலவாகச் சொல்லப்படுவது சுமார் 50.65 லட்சம் கோடி. இதை அதனால் வகுத்தால் 25 விழுக்காடு. ஆனால் ‘ரூபாய்’ வட்டப்படத்தின் முழு வட்டம் 50.65 அல்ல. மாநிலங்களுக்குப் போகும் வரிப்பங்கான சுமார் 14.22 லட்சம் கோடியையும் சேர்த்துக்கொண்டு சுமார் 64.87 லட்சம் கோடி ரூபாயைத்தான் அது 100 பைசாவாகப் பகுக்கிறது. அதனால் வகுத்தால் வட்டி 20 பைசாவுக்குச் சற்றுக் குறைவு. கடனும் இப்படித்தான்: நிதிப் பற்றாக்குறையான சுமார் 15.69 லட்சம் கோடி, வட்டப்படத்தில் 24 பைசா. மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் 31 விழுக்காடு.

வட்டப்படத்துக்கு முழுமை எது என்பதைச் சொல்லாமல் விழுக்காடு மட்டும் கொடுத்தால், அது பேச்சுக்கு வழி விடுவதற்குப் பதிலாக, இல்லாத சண்டைக்குத்தான் வழி விடும். படத்தில் இந்தக் குறையை வட்டத்தின் வடிவமே மறைத்துவிடுகிறது. வட்டம் கண்ணுக்கு முழுமையாகத் தெரிவதால், ‘எதன் முழுமை’ என்ற கேள்வி யாருக்கும் எழுவதில்லை. எழுத்தில் எழுத உட்காரும்போதுதான் ‘22 விழுக்காடு, எதில்?’ என்று பேனா நிற்கும். அந்த இடத்தில் நின்று, விடையைத் தேடி, ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோளில் முக்கியமான பகுதி.

அடுத்தது இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவது. சில தாள்கள் சென்ற ஆண்டு வட்டத்தையும் இந்த ஆண்டு வட்டத்தையும் பக்கம் பக்கமாகப் போடுகின்றன. பார்த்தவர்களைக் கேட்டால், “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்கிறார்கள். எழுத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 2024 ஜூலையில் தாக்கலான 2024-25 பட்ஜெட்டில் கடன் 27 பைசா, வருமான வரி 19 பைசா. 2025-26இல் கடன் 24, வருமான வரி 22. மற்ற ஆறு இனங்களும் இரண்டு ஆண்டும் அதே 18, 17, 9, 5, 4, 1. அதாவது எட்டில் இரண்டுதான் நகர்ந்திருக்கின்றன. கடனில் குறைந்த 3 பைசாவுக்கு ஈடாக வருமான வரியில் 3 பைசா கூடியிருக்கிறது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்குப் புதிய முறையில் வரி இல்லை என்று அறிவித்த அதே பட்ஜெட்டில் வருமான வரியின் பங்கு கூடியிருப்பது ஏன் என்று கேட்டிருந்தால், மொட்டை மாடியில் அன்று மதியம் வரை பேச்சு ஓடியிருக்கும். அந்தக் கேள்வி எழவே இல்லை. 18க்கு அருகில் 18, 17க்கு அருகில் 17 என்று அடுத்தடுத்துக் கேட்கும் காதுக்குத்தான் மாறாதது எது, மாறியது எது என்று தெரியும்.

இந்த இடத்தில் உங்கள் எழுத்தர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். 19இலிருந்து 22 ஆனதை ‘வருமான வரி 3 சதவீதம் உயர்வு’ என்று எழுதுகிறார்கள். கூடியது பங்கில் 3 பைசா, அல்லது 3 விழுக்காட்டுப் புள்ளி. பங்கே ஏறக்குறைய 16 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. வசூலாகும் என்று எதிர்பார்க்கும் தொகை எவ்வளவு கூடியது என்பது மூன்றாவது கணக்கு, அதை வட்டப்படத்திலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. படத்தைக் காண முடிந்தவர் இரண்டு துண்டுகளையும் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ள ஓரளவு வாய்ப்புண்டு. உரையை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை.

எண்களை எந்த வரிசையில் சொல்வது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பொது ஒளிபரப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஊடக அணுகல் மையம், பேசும் நூல்களில் அறிவியல் படங்களை விவரிப்பதற்காக வெளியிட்ட வழிகாட்டுதல்களில், வட்டப்படத்தை அட்டவணையாக மாற்றுங்கள், வண்ணத்தை விவரிக்கத் தேவையில்லை, எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவது உதவும் என்று சொல்லியிருக்கிறது. முதல் இரண்டையும் முழு மனதோடு ஏற்கிறேன். ‘இளநீலத் துண்டு’ என்பதால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை. வினாத்தாளில் நீலத் துண்டைப் பற்றிக் கேள்வி இருந்தாலொழிய வண்ணம் வேண்டாம். மூன்றாவதில் பட்ஜெட்டைப் பொறுத்தவரை நான் மாறுபடுகிறேன். 1 பைசா மூலதன வரவில் தொடங்கி ஏழு இனங்களைக் கடந்து கடனுக்கு வரும்வரை காத்திருக்கச் செய்வது, தலைப்புச் செய்தியைக் கடைசிப் பக்கத்தில் போடுவதுபோல. பெரியதிலிருந்து சிறியதாகச் சொல்லுங்கள். ‘இதர’ என்று ஓர் இனம் இருந்தால், அதன் அளவு என்னவாக இருந்தாலும் கடைசியில் வையுங்கள், அதில் என்னென்ன அடக்கம் என்று தெரிந்தால் ஒரு சொல் சேருங்கள். படத்தின் கடிகார முள் வரிசையை மட்டும் பின்பற்ற வேண்டாம். அது படத்தின் அழகுக்காக வைத்த வரிசை.

முழுமைப்படுத்திய எண்களால் கூட்டுத்தொகை சில படங்களில் 99 ஆகவோ 101 ஆகவோ வரும். கண்ணால் பார்ப்பவருக்கு அது உறுத்தாது. நான் மனத்தில் கூட்டிக்கொண்டே கேட்பவன். 99இல் நின்றால் ஓர் இனம் விடுபட்டுவிட்டதோ என்று மேலே போய் மறுபடி கேட்பேன். ‘முழுமைப்படுத்தியதால் மொத்தம் 99’ என்று மூன்று சொல் போதும். கூட்டுத்தொகை 130, 140 என்று போனால் அது வேறு நோய். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சொல்லக்கூடிய கருத்துக்கணிப்பை யாரோ வட்டத்துக்குள் திணித்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு உரை எழுதிப் பயனில்லை, படத்தையே மாற்ற வேண்டும்.

உரையை எங்கே வைப்பது என்று உங்கள் கணினிப் பிரிவினர் கேட்கக்கூடும். படத்தோடு ஒட்டிய alt என்னும் இடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமே என்பார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் அந்த இடத்தில் உள்ளதைத் திரைவாசிப்பான் ஒரே மூச்சில் படிக்கும். நடுவில் நிறுத்தி ‘நிறுவன வரி எவ்வளவு?’ என்று அந்த வரிக்கு மட்டும் திரும்ப முடியாது. ஆகவே alt இடத்தில் ஒரே வாக்கியம் போதும்: “வட்டப்படம்: 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒரு ரூபாய் வரும் வழிகள், முதலிடம் கடன் 24 பைசா, எல்லா எண்களும் கீழே உள்ள அட்டவணையில்.” கீழே இரண்டு நிரல் கொண்ட அட்டவணை, முதல் நிரலில் இனம், அடுத்ததில் பைசா. உண்மையான அட்டவணையாக இருந்தால், நான் கணினியில் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானில் Ctrl+Alt விசைகளோடு அம்புக்குறியை அழுத்தி வரிசை வரிசையாக இறங்கலாம், ஏறலாம், எந்த எண் எந்த இனத்தினுடையது என்று கேட்கலாம். அட்டவணையையும் படமாக எடுத்து ஒட்டினீர்களானால் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். (இந்தப் பழமொழியை என்னைப் போன்றவர்கள் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.)

சுருக்கக் குறிகளைத் தவிருங்கள். ‘ரூ.15.69 ல.கோ.’ என்பதை என் திரைவாசிப்பான் ல, கோ என்று தனித்தனியாக உச்சரிக்கிறது. ‘15.69 லட்சம் கோடி ரூபாய்’ என்றால் எந்தக் குழப்பமும் இல்லை. எண்களுக்குப் பதில் ‘பெரும்பங்கு’, ‘கணிசமான பங்கு’ என்று எழுதுவதும் வேண்டாம். 24ஐயும் 17ஐயும் ஒருசேரக் கணிசம் என்று சொல்லிவிடலாம், அப்புறம் பேச என்ன இருக்கிறது?

உரையை எழுதுபவர் முடிந்த படத்தைப் பார்த்து எழுதக் கூடாது, படம் வரையப் பயன்படுத்திய தரவுத் தாளிலிருந்தே எழுத வேண்டும். படத்தைப் பார்த்து எழுதினால் வண்ணம் மாறிய பிழை உரைக்கும் வந்துவிடும். தாளிலிருந்து எழுதினால் அந்தப் பிழை அங்கேயே பிடிபடும். வெளியிடுமுன் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். உரையைப் படம் பார்க்காத சக ஊழியர் ஒருவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டி, ‘வரியெல்லாம் சேர்ந்து எவ்வளவு?’ என்று கேளுங்கள். அவர் 66 என்று சொன்னால் உரை தேறிவிட்டது.

ஒரு படத்துக்கு இத்தனை நேரம் எங்கே என்பீர்கள். பட்ஜெட் நாளின் அவசரம் எனக்கும் தெரியும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகளில் வங்கியில் உட்கார்ந்தவன்தான் நானும். அதனால் செலவு வட்டத்துக்கு உரிய உரையை நானே எழுதி இத்துடன் வைக்கிறேன். அடுத்த ஆண்டு எண்களை மட்டும் மாற்றி, எந்த அனுமதியும் கேட்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம்:

“2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி மத்திய அரசின் ஒவ்வொரு ரூபாயிலும் மாநிலங்களின் வரிப்பங்கு 22 பைசா, வட்டி 20 பைசா, பாதுகாப்பும் மானியமும் நீங்கலான மத்தியத் துறைத் திட்டங்கள் 16 பைசா, மத்திய அரசு நிதியுதவி பெறும் திட்டங்கள், பாதுகாப்பு, நிதிக்குழு மற்றும் இதர மாற்றங்கள் ஆகிய மூன்றும் தலா 8 பைசா, முக்கிய மானியங்கள் 6 பைசா, ஓய்வூதியம் 4 பைசா, இதர செலவுகள் 8 பைசா. மொத்தம் 100 பைசா. மாநிலங்களின் வரிப்பங்கைச் சேர்த்த தொகையே இங்கு முழு ரூபாய். அதை நீக்கிய மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் விழுக்காடுகள் கூடும்.”

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
மேற்கு மாம்பலம், சென்னை